அட்டை சொன்னதை மட்டும்: கணினி இல்லாமல் செய்நிரல் கற்பிப்பது பற்றி ஓர் ஆய்வு

கிளிவெட்டியிலும் அதைச் சூழ்ந்த மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் படிக்கும் ஒரு பிள்ளை, தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தனிப் பாடமாகத் தரம் 6 இல்தான் சந்திக்கிறது. நாடு முழுவதற்கும் உள்ள ஏற்பாடு அது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளிலும் கணினியின் முன் இருக்காமலே செய்நிரலின் அடிப்படைகளைக் கற்றுவிட முடியுமா என்ற கேள்வி உலகின் பல பகுதிகளில் கேட்கப்பட்டு, ஓரளவு ஆராயப்பட்டும் இருக்கிறது. தரையில் வெண்கட்டியால் கட்டம் கீறி, மட்டையில் கட்டளை எழுதி, ஒரு பிள்ளையை இயந்திரமாக நடக்கவிடும் முறை பல பாடத்திட்டங்களில் இடம்பெற்றுவிட்டது. செலவு குறைவு, மின்சாரம் வேண்டாம், பிள்ளைகளும் விரும்பிச் செய்கிறார்கள்.

பிள்ளைகள் விரும்பிச் செய்வதால் மட்டும் அவர்கள் கற்றுவிட்டார்கள் என்று ஆகாது. இந்த முறையின் நடுவே ஒரு சிக்கல் இருக்கிறது. கணினிக்கு மனம் கிடையாது. கணினியின் இடத்தில் நாம் நிறுத்தும் பிள்ளைக்கு உண்டு. கட்டளையில் ஒன்று விடுபட்டால் கணினி தவறான இடத்தில் போய் நிற்கும். பிள்ளையோ விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொண்டு சரியான இடத்துக்குப் போய்விடும். அப்போது எழுதியவர் தம் செய்நிரல் சரியென்று நம்பிவிடுவார். அட்டையும் நடையும் கொண்ட பாடம் வெற்றி பெறுவதும் வீணாவதும், இந்த மனத்தை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்பதைப் பொறுத்தவை. இதுவரை நடந்த ஆய்வுகளை அந்தக் கண்ணோடு வாசித்து, வரிசைக்கும் நிபந்தனைக்கும் ஒவ்வொரு பாடத்தை முழுவதுமாகச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆமையிலிருந்து அட்டைக்கு

பிள்ளைகளுக்கென்று எழுந்த முதல் கணினி மொழிகளில் ஒன்று லோகோ. 1967 இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி பியூர்சைக், சிந்தியா சொலமன் ஆகியோர் அதை உருவாக்கினார்கள். அதன் புகழ்பெற்ற பாத்திரம் ஓர் ஆமை. முன்னே போ, வலம் திரும்பு, இடம் திரும்பு என்ற கட்டளைகளுக்கு ஏற்ப அது நகர்ந்து கோடு வரையும். ஆமையை எப்படி நகர்த்துவது என்று தெரியாத பிள்ளையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்று பேப்பர்ட் சொன்னார். சதுரம் வரைய வேண்டுமென்றால் தரையில் சதுரமாக நடக்க வேண்டும். தன் உடல் என்ன செய்தது என்பதைக் கட்டளையாக எழுத வேண்டும். 1980 இல் வெளியான தம் நூலில் அவர் இதைக் கற்றலின் மையத்திலேயே வைத்தார். இன்று நாம் அட்டையோடு செய்யும் நடையின் வேர் இங்கே இருக்கிறது.

கணினியை அடியோடு விலக்கிய முறை 1990களில் உருவானது. நியூசிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் பெலோஸ் ஆகியோருடன் இணைந்து, மின்செருகி இல்லாத கணினி அறிவியல் என்ற பொருள்படும் தலைப்பில் செயற்பாடுகளைத் தொகுத்தார். நூல் 1998 இல் வந்தது. புள்ளி அட்டைகளைக் கொண்டு இரும எண்களைக் கற்பது, நிலத்தில் வரைந்த பாதைகளில் நடந்து தம்மைத் தாமே வரிசைப்படுத்திக்கொள்வது போன்றவை அதில் இருந்தன. அணிவகுப்புக் கட்டளைகள் என்ற செயற்பாட்டில் ஒரு பிள்ளை ஒரு படத்தை வாயால் விவரிக்கும். மற்றவர்கள் கேள்வி கேட்காமல், சொன்னதை மட்டும் கேட்டு வரைவார்கள். முடிவில் ஒவ்வொருவர் தாளிலும் ஒவ்வொரு படம் இருக்கும். கட்டளை எவ்வளவு திட்டமாக இருக்க வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தமிழ்நாட்டில் இதற்குச் சற்று வேறான பாதை. இந்திய கணினியியலாளர் அமைப்பான ஏ.சி.எம். இந்தியா 2016 இல் தொடங்கிய சிஎஸ்பாடசாலா, கணினி இல்லாமல் கணினிச் சிந்தனையைக் கற்பிக்கும் பாடங்களைத் தயாரித்து வருகிறது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் தகவல் செயலாக்கம் என்றொரு அலகு இடம்பெற்றது. பட்டியலிடுவது, வழி காண்பது, படிப்படியாகச் செய்வது ஆகியவை அங்கே கணிதத்தின் பகுதியாகவே கற்பிக்கப்படுகின்றன. நம் நாட்டு ஆசிரியருக்கு இது பயனுள்ள முன்மாதிரி. தனிப் பாடவேளை கிடைக்காவிட்டாலும், திசை, இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆரம்பக் கணிதப் பாடவேளைக்குள் அட்டைகளைக் கொண்டுவரலாம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ளும் கொண்டுவரலாம்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

லோகோ கற்ற பிள்ளை எதையும் திட்டமிட்டுச் செய்யப் பழகிவிடும் என்ற நம்பிக்கை 1980களின் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. நியூயோர்க்கில் ரோய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் அதைச் சோதித்தார்கள். ஓராண்டு லோகோ கற்ற பிள்ளைகளிடம், வகுப்பறை வேலைகளை மிகக் குறைந்த நடையில் செய்து முடிக்கும் திட்டத்தைக் கேட்டார்கள். லோகோ கற்காத பிள்ளைகளைவிட அவர்கள் சிறப்பாகச் செய்யவில்லை. 1984 இல் வெளிவந்த இம்முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. செய்நிரல் எழுதும் பழக்கம் மட்டும் பொதுவான திட்டமிடும் திறனைத் தந்துவிடாது என்பதை அது காட்டியது.

1988 இல் டேவிட் கிளாரும் ஷரோன் கார்வரும் வேறொரு வழியில் போனார்கள். பிழை தேடும் முறையை அவர்கள் வெளிப்படையாக, படிப்படியாகக் கற்பித்தார்கள். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த வகைப் பிழையைச் சுட்டுகிறது, அது செய்நிரலின் எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்ற ஒழுங்கில் பிள்ளைகள் தேடப் பழகினார்கள். பின்னர் கணினியோடு தொடர்பில்லாத, பிழையுள்ள எழுத்து அறிவுறுத்தல்களைக் கொடுத்தபோது, அவற்றையும் அவர்கள் முன்னைவிடத் திறமையாகத் திருத்தினார்கள். கற்பிக்கப்பட்டது இடம் மாறியது. தானாக வரும் என்று விடப்பட்டது வரவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் முடிவு இதுதான்.

கணினியில்லா முறையை நேரடியாகச் சோதித்த இரு ஆய்வுகள் 2017 இல் வந்தன. ஸ்பெயினில் கிறிஸ்டியன் பிராக்மனும் குழுவினரும் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அட்டையும் தாளும் கொண்ட பாடங்களை நடத்தினார்கள். அவற்றைப் பெற்ற பிள்ளைகள் கணினிச் சிந்தனைச் சோதனையில், பெறாதவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சோதனையின் 28 வினாக்களில் பல, ஒரு பாத்திரத்தைக் கட்டங்களினூடே நடத்திச் செல்பவை. கட்டத்தில் பழகிய பிள்ளை கட்ட வினாவில் நன்றாகச் செய்ததை, எல்லா இடத்துக்கும் உரிய திறனாக விரித்துப் பேச முடியாது.

நெதர்லாந்தில் ஃபெலியென் ஹெர்மன்ஸும் எஃப்திமியா ஐவலோக்லுவும் 35 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு முதல் நான்கு வாரம் கணினியின்றியும், மற்றது ஸ்கிராட்ச் என்ற செய்நிரல் சூழலிலும் கற்றது. அடுத்த நான்கு வாரம் இரண்டும் ஸ்கிராட்ச் கற்றன. எட்டாம் வார முடிவில் கருத்துகளைப் புரிந்துகொண்டதில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கணினியின்றித் தொடங்கியவர்களுக்குத் தம் திறனில் கூடுதல் நம்பிக்கை இருந்தது. ஸ்கிராட்சில் உள்ள கட்டளைகளிலும் அவர்கள் கூடுதலான வகைகளைப் பயன்படுத்தினார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும் நம் பகுதிக்கு அதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு: கணினிக்காகக் காத்திருக்கும் காலத்தை அட்டைகளில் செலவிட்டால், பின்னர் அதனால் எதுவும் குறைந்துவிடாது.

இயந்திரத்துக்குள் மறைந்த மனம்

முதல் ஆய்வில் ஏமாற்றம் கண்ட ரோய் பீ, 1986 இல் காரணத்தைத் தேடினார். செய்நிரல் கற்கத் தொடங்குபவர்கள், எந்த மொழியில் எழுதினாலும், ஒரே மாதிரியான மூன்று பிழைகளைச் செய்வதை அவர் கண்டார். முதலாவது, தன் மனத்தில் உள்ளது இயந்திரத்துக்கும் தெரியும் என்று எண்ணி, கட்டளைகளை விட்டுவிடுவது. இரண்டாவது, செய்நிரலின் இலக்கு இயந்திரத்துக்குத் தெரியும், அதை நோக்கித் தானே போகும் என்று நம்புவது. மூன்றாவது, செய்நிரலில் உள்ள எல்லா வரிகளும் எப்போதும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றன என்று எண்ணுவது. மூன்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது: இயந்திரத்துக்குள் எங்கோ ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, அது நம்மைப் புரிந்துகொள்ளும்.

கணினியில் செய்தால் இந்த எண்ணம் விரைவில் அடிபடும், ஏனென்றால் கணினி புரிந்துகொள்வதில்லை. அட்டை விளையாட்டில் அது வளரும் வாய்ப்பு அதிகம். நடப்பவர் வகுப்புத் தோழர். அவருக்கு இலக்கு தெரியும். தோழிக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணமும் உண்டு. ஆகவே விளையாட்டின் விதிகளை அந்த நல்லெண்ணம் வேலை செய்ய முடியாதபடி அமைக்க வேண்டும். நடப்பவரைக் கண்டித்துப் பயனில்லை. அவருக்குத் தெரியக் கூடாததைத் தெரியாமல் வைப்பதே வழி.

வரிசை: ஆறு அட்டைகள்

ஒரு தரம் 3 வகுப்பை எடுத்துக்கொள்வோம். சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் ஐந்துக்கு ஐந்து கட்டம். ஒரு கட்டத்தின் பக்கம் 40 சென்ரிமீற்றர் இருந்தால் பிள்ளை இரு காலையும் வைத்து நின்று திரும்ப முடியும். முழுக் கட்டமும் இரண்டு மீற்றருக்குள் அடங்கிவிடும். பழைய பெட்டி மட்டையில் வெட்டிய அட்டைகள் மூன்று வகை: முன்னே, இடம் திரும்பு, வலம் திரும்பு. முன்னே என்றால் பார்க்கும் திசையில் ஒரு கட்டம். திரும்பு என்றால் நின்ற இடத்திலேயே கால்வட்டம் திரும்புவது, நகரக் கூடாது. இந்த ஒரு விதியைத் தனியாகப் பழக்காமல் பாடத்தைத் தொடங்கக் கூடாது. இடம் என்றதும் இடப்பக்கத்துக் கட்டத்துக்குக் காலை வைப்பது பிள்ளைகளிடம் மிக வழக்கமாகக் காணும் பிழை.

நான்கு பேர் ஒரு குழு. எழுதுபவர் அட்டைகளை அடுக்குவார். வாசிப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். நடப்பவர் நடப்பார். பார்ப்பவர், ஒவ்வோர் அட்டைக்கும் பின் நடப்பவர் நிற்கும் கட்டத்தையும் பார்க்கும் திசையையும் தாளில் குறிப்பார். எழுதுபவர் அட்டைகளை அடுக்கும்வரை நடப்பவர் கட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். இலக்கு எந்தக் கட்டம் என்பது அவருக்குச் சொல்லப்படாது. இலக்குக் கட்டத்தில் எந்தப் பொருளும் வைக்கப்படாது. அட்டைக் கட்டும் அவர் கையில் போகாது. இந்த நான்கு ஏற்பாடுகளோடு பீ சொன்ன முதல் இரு பிழைகளுக்கும் இடமில்லாமல் போகிறது.

கீழிருந்து மேலாக வரிசைகளையும், இடமிருந்து வலமாக நிரல்களையும் எண்ணுவோம். நடப்பவர் முதல் நிரல், முதல் வரிசையில், மேல்நோக்கி நிற்கிறார். இலக்கு மூன்றாம் நிரல், மூன்றாம் வரிசை. முதல் நிரலின் மூன்றாம் வரிசையில் சேறு. அதில் கால் வைக்கக் கூடாது. சரியான விடைகளில் ஒன்று:

```
முன்னே
வலம் திரும்பு
முன்னே
முன்னே
இடம் திரும்பு
முன்னே
```

இப்போது ஒரு குழு ஐந்தாவது அட்டையை மறந்துவிட்டது என்று கொள்வோம். நடப்பவர் நான்காம் நிரல், இரண்டாம் வரிசையில் போய் நிற்பார். வேறொரு குழு எந்த அட்டையையும் மறக்கவில்லை. முதல் இரு அட்டைகளை மட்டும் இடம் மாற்றி, திரும்பிவிட்டு நடந்தது. அவர்களின் நடப்பவரும் அதே நான்காம் நிரல், இரண்டாம் வரிசையில்தான் நிற்பார். இரண்டு வெவ்வேறு பிழைகளுக்கு ஒரே முடிவிடம். முதலாமவர் வலப்பக்கம் பார்த்து நிற்கிறார், இரண்டாமவர் மேல்நோக்கி நிற்கிறார் என்பதே வேறுபாடு.

இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே வரிசை பற்றிய பாடத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அதே ஆறு அட்டைகள் ஒழுங்கு மாறியதால் வேறிடம் கொண்டுபோகின்றன என்பதைப் பிள்ளை உடலால் அறிகிறது. முடிவிடத்தை மட்டும் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அறிகிறது. பார்ப்பவர் எழுதிய தாள் இங்கேதான் பயன்படுகிறது. எழுதுபவர் தாம் நினைத்திருந்த இடத்தையும் தாளில் உள்ள இடத்தையும் அட்டை அட்டையாக ஒப்பிட்டு, முதன்முதலில் எங்கே வேறுபடுகின்றன என்று தேடுகிறார். மறந்த குழுவுக்கு நான்கு அட்டைவரை எல்லாம் சரி. மாற்றிய குழுவுக்கு முதல் அட்டையிலேயே வேறுபாடு. கிளாரும் கார்வரும் வெளிப்படையாகக் கற்பித்த தேடல் இதுவே. பிழை வந்ததும் எல்லா அட்டைகளையும் வாரி எடுத்துப் புதிதாக அடுக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இயல்பாக வரும். அதை ஆசிரியர் அனுமதிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு ஓர் அட்டையை மட்டும் மாற்றலாம் என்ற விதியை வைத்தால் போதும்.

இடம், வலம் பற்றியும் ஒன்று. தன் இடதையும் வலதையும் ஐந்துக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட வயதில் பிள்ளை அறிகிறது. எதிரே நிற்பவரின் இடம், வலத்தை அறிய எட்டிலிருந்து பதினொன்றுவரை ஆகிறது என்று ஜான் பியாஜே கண்டிருந்தார். ஆகவே தரம் 2, 3 இல் எழுதுபவர் நடப்பவருக்குப் பின்னால், அதே திசை பார்த்து நிற்க வேண்டும். நடப்பவர் திரும்பியபின் குழம்பினால் எழுதுபவரும் அதே திசைக்குத் திரும்பலாம். தரம் 4 இல் எதிரே நின்று எழுதச் சொல்லலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், வரிசையை நன்றாக விளங்கிய பிள்ளையைத் திசை தெரியாததற்காகத் தவறென்று மதிப்பிட்டுவிடுவோம்.

நிபந்தனை: ஏன் கடினம்

நிபந்தனைக்கு வழக்கமாகத் தரப்படும் செயற்பாடு வேறு வகையானது. ஆசிரியை ஓர் அட்டையைத் தூக்குவார்: சிவப்பு என்றால் கைதட்டு. பிள்ளைகள் தட்டுவார்கள். இதில் சிரிப்பும் அசைவும் உண்டு. ஆனால் கற்றல் குறைவு. நீல அட்டை வந்தால் என்ன என்பதே கேள்வி. விதி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனவே எதுவும் செய்யாமல் அடுத்த கட்டளைக்குப் போக வேண்டும். பிள்ளைகளோ விதியைத் தாங்களே நீட்டித்து, எதிரான ஒன்றைச் செய்யப் பார்ப்பார்கள்.

வளர்ச்சி உளவியலில் இது நன்கு அறியப்பட்டது. பிரான்சின் பியர் பரூயேயும் பிறரும் காட்டியபடி, சிறு பிள்ளைகள் நிபந்தனை வாக்கியத்தை முதலில் இரண்டும் சேர்ந்து நடப்பதாக மட்டும் புரிந்துகொள்கிறார்கள். பின்னர் இரு திசையிலும் உண்மையானதாக எடுத்துக்கொள்கிறார்கள்: அது நடந்தால் இது, அது நடக்காவிட்டால் இதுவும் இல்லை. முழுப் பொருள் இன்னும் பிந்தியே வருகிறது. அன்றாடப் பேச்சிலும் நாம் அப்படித்தான் பேசுகிறோம். வீட்டுப்பாடம் செய்தால் விளையாடலாம் என்று சொல்லும் தாய், செய்யாவிட்டால் விளையாட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஆகவே ஆரம்ப வகுப்பில் நிபந்தனை அட்டைக்கு எப்போதும் இரண்டு பகுதி இருக்க வேண்டும்: இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இரண்டாவதில் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றால், ஒன்றும் செய்யாதே என்று எழுதியே வைக்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் பீ சொன்ன மூன்றாவது பிழை. சேறு இருந்தால் தாண்டு என்று ஓரிடத்தில் எழுதிய பிள்ளை, நடை முழுவதும் அந்த வரி காவல் நிற்கும் என்று எண்ணுகிறது. உண்மையில் அந்த அட்டை வாசிக்கப்படும் கணத்தில் மட்டும் ஒருமுறை பார்க்கப்படுகிறது; பிறகு இல்லை. நடப்பவருக்குக் கண் இருப்பதால் அவரும் முன்னால் சேற்றைக் கண்டதும் நின்றுவிடுவார். பிழை மறைந்துவிடும்.

வரம்பில் ஒரு நடை

இதை வெளிக்கொண்டுவர ஒரு பாடம். கட்டம் வேண்டாம்; வயல் வரம்பு போல ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரே வரிசை போதும். முதற்கட்டத்தில் நடப்பவர், ஐந்தாவது கட்டம் வாடி. இரண்டாம், மூன்றாம், நான்காம் கட்டங்களில் தாள்கள் கவிழ்த்து வைக்கப்படும். அவற்றில் ஒன்றின் மறுபக்கத்தில் சேறு வரைந்திருக்கலாம், அல்லது எதிலும் இல்லாமல் இருக்கலாம். எழுதுபவர் அட்டைகளை அடுக்கி முடித்த பிறகே பார்ப்பவர் தாள்களைக் கலைத்து வைப்பார். நிபந்தனை அட்டை வாசிக்கப்படும்போது மட்டும் முன்கட்டத்துத் தாள் திருப்பிக் காட்டப்படும். வேறெந்த நேரத்திலும் காட்டப்படாது. நடப்பவர் கால் வைத்த கட்டத்தின் தாள் மட்டும் பிறகு திருப்பப்படும். தாண்டு என்ற புதிய அட்டை இரண்டு கட்டம் கொண்டுபோகும்.

பிள்ளைகள் முதலில் எழுதக்கூடியது இப்படி இருக்கும்:

```
முன்னால் சேறு இருந்தால்: தாண்டு
இல்லாவிட்டால்: முன்னே, முன்னே
முன்னே
முன்னே
```

சேறு இரண்டாம் கட்டத்தில் இருந்தால் வாடிக்குப் போய்விடலாம். எங்கும் சேறில்லாவிட்டாலும் போகலாம். மூன்றாம் கட்டத்தில் இருந்தால், முன்னால் சேறில்லை என்று சொல்லப்பட்டு, இரண்டு அடி வைத்து, நேரே சேற்றில் மிதிப்பார். நான்காம் கட்டத்தில் இருந்தாலும் அப்படியே. நடப்பவர் சொன்னதை மட்டும்தான் செய்தார், எழுதியவரும் சேற்றைப் பற்றி எழுதித்தான் இருந்தார். ஆனாலும் கால் சேற்றில். பார்க்கச் சொன்ன இடத்தில் மட்டுமே இயந்திரம் பார்க்கும் என்பதை வகுப்பில் விளக்கிச் சொல்ல இதற்குமேல் அதிகம் தேவைப்படாது.

அடுத்து, ஒவ்வோர் அடிக்கு முன்னும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். மூன்று நிபந்தனை அட்டைகள், மூன்றும் ஒரே மாதிரி:

```
முன்னால் சேறு இருந்தால்: தாண்டு
இல்லாவிட்டால்: முன்னே
```

சேறு இரண்டில் இருந்தாலும், மூன்றில் இருந்தாலும், நான்கில் இருந்தாலும் நடப்பவர் வாடியை அடைகிறார், ஏனென்றால் ஒரு தாண்டலும் இரண்டு அடியும் சேர்ந்து நான்கு கட்டம். குழு மகிழ்ந்துவிடும். அப்போது ஆசிரியை கேட்க வேண்டிய கேள்வி: எல்லா வகையையும் சோதித்தீர்களா? எங்கும் சேறில்லாத நாளில் நடப்பவர் மூன்று அடி மட்டும் வைத்து நான்காம் கட்டத்தில் நிற்பார், வாடிக்கு ஓரடி குறைவு. இடர் வரும் வகைகளை எல்லாம் எண்ணிப் பார்த்தவர்கள், இடரே வராத வகையை மறந்துவிட்டார்கள். பெரியவர்கள் எழுதும் செய்நிரல்களிலும் இதே மறதி உண்டு.

பலர் உடனே நான்காவதாக அதே அட்டையைச் சேர்ப்பார்கள். அப்போது சேறில்லாத நாள் சரியாகும்; ஆனால் சேறுள்ள மூன்று வகையிலும் நடப்பவர் வாடியைத் தாண்டி வெளியே போய்விடுவார். ஒன்றைத் திருத்தியது மூன்றைக் கெடுத்தது. சரியான நான்காவது அட்டை வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்:

```
நிற்பது வாடி என்றால்: ஒன்றும் செய்யாதே
இல்லாவிட்டால்: முன்னே
```

இப்போது நான்கு வகையிலும் வாடி கிடைக்கிறது. நான்கு வகையையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு செய்நிரலுக்கும் எதிரே சரி, பிழை என்று போட்டால், முதலாவதுக்கு இரண்டு சரி, இரண்டாவதுக்கு மூன்று, அதே அட்டையை நான்காவதாகச் சேர்த்ததற்கு ஒன்று, இறுதியானதற்கு நான்கு. நிபந்தனை கொண்ட செய்நிரலை ஒருமுறை நடத்திப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதை இந்த அட்டவணை சொல்லிவிடும். இந்தப் பாடத்தை ஒரே பாடவேளைக்குள் முடிக்க முயலக் கூடாது. முதல் நாள் முதல் செய்நிரலும் அதன் தோல்வியும், மறுநாள் மற்றவை. தரம் 4 அல்லது 5 இதற்குப் பொருத்தம். தரம் 3 இல் சேற்றுத் தாளை முதலிலேயே திறந்து வைத்து, இரண்டு பகுதி கொண்ட ஒரே நிபந்தனை அட்டையோடு நிறுத்தலாம்.

எங்கே நிற்பது

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரே கட்டத்தைக் கீறி ஒருவரை நடக்கவிட்டால், இருபத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நால்வர் குழுவும், குழுவுக்கு ஐந்து கட்ட வரிசையும் அதற்காகவே. எட்டு வரிசைகளை ஒரு வகுப்பறைத் தரையில் கீறிவிடலாம். முற்றத்து மணலில் குச்சியாலும் கீறலாம். ஒவ்வொரு நடைக்கும் பின் பாத்திரங்கள் சுழல வேண்டும், இல்லாவிட்டால் துணிந்த பிள்ளையே எப்போதும் எழுதும்.

இரண்டாவது எல்லை நீளம். பத்துப் பன்னிரண்டு அட்டைகளுக்கு மேல் போனால் நடப்பவர் தவறாமல் நடப்பது கடினம். பிழை செய்நிரலில் உள்ளதா, நடையில் உள்ளதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். அதே அட்டை மூன்று முறை வருவதைக் கண்டு, இதை ஒரே தடவை எழுத முடியாதா என்று பிள்ளை கேட்கும். வாடி வரும்வரை திரும்பச் செய் என்ற மீள்செயல் அட்டையை அந்தக் கேள்வி எழும்போது அறிமுகப்படுத்தலாம். அதற்கு அப்பால், நூறு முறை திரும்பச் செய்வதையும் எண்களைச் சேமித்து வைப்பதையும் மனித நடப்பவர் சலிப்பின்றிச் செய்ய முடியாது. அந்தக் கட்டத்திலிருந்து கணினி தேவை. தரம் 6 இல் அது வருகிறது.

மூன்றாவது, கற்றதை எப்படி அறிவது என்பது. நடந்து காட்டுவதை மதிப்பிட வேண்டாம். நடக்காத ஒரு செய்நிரலைத் தாளில் கொடுத்து, எந்தக் கட்டத்தில் எந்தத் திசை பார்த்து நிற்பார் என்று கேட்க வேண்டும். பிழையுள்ள ஒன்றைக் கொடுத்து, எத்தனையாவது அட்டையில் பிழை தொடங்குகிறது என்று கேட்க வேண்டும். நிபந்தனைக்கு, எந்தெந்த வகைகளைச் சோதிக்க வேண்டும் என்று பட்டியலிடச் சொல்ல வேண்டும். இவற்றில் கடைசி வினாவே கடினமானது. சேறில்லாத வகையைத் தானாகப் பட்டியலில் சேர்க்கும் பிள்ளை நிபந்தனையைக் கற்றுவிட்டது. சேர்க்காத பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் வரம்பில் வேலை இருக்கிறது. அதற்கான தாள்களை எடுத்து வைக்க வேண்டியது ஆசிரியரின் அடுத்த வேலை.